ஏன் பச்சை? மாணவரின் போஸ்டர் விளக்கக் குறிப்புக்குக் கருத்து எழுதுவது எப்படி

காட்சித் தொடர்பியலோ ஓவியமோ சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே வந்து சேரும் வேலை இது. மாணவர் ஒரு போஸ்டர் செய்திருப்பார், கூடவே அதை ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பார். ரேஷனேல் என்று வகுப்பில் சொல்வார்கள், நான் விளக்கக் குறிப்பு என்றே எழுதுகிறேன். போஸ்டரைப் பற்றிச் சொல்ல யாருக்கும் நிறைய இருக்கும். குறிப்பைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியாமல் "நன்று, இன்னும் விரிவாக எழுதவும்" என்று ஓரத்தில் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த "விரிவாக" என்ற சொல்லை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வார்? அதே விஷயத்தை இரண்டு மடங்கு நீளத்தில் எழுதிக்கொண்டு வருவார், அவ்வளவுதான்.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்து அதிலேயே முழுசாகப் போய்விடலாம். நீலகிரியில் எந்த வகுப்பிலும் வரக்கூடிய தலைப்பு: காட்டெருமை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் சாலை ஓரத்திலும் காட்டெருமை நிற்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. நன்றாக வளர்ந்த ஆண் ஒன்று 1000 கிலோ வரைகூட இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போவார்கள். ஆக, "கிட்டே போகாதே" என்று சொல்கிற ஒரு ஏ3 போஸ்டர், குன்னூர்–கோத்தகிரி சாலையில் இருக்கும் பயணியர் நிழற்குடைகளிலும் டீக்கடைகளிலும் ஒட்டுவதற்கு. இதுதான் கொடுத்த வேலை என்று வைத்துக்கொள்வோம். மாணவி கொண்டுவந்த போஸ்டரில் இலைப்பச்சைப் பின்னணி, நடுவில் காட்டெருமையின் முகம் பெரிய போட்டோவாக, மேலே வெள்ளை எழுத்தில் "தள்ளி நில்லுங்கள்", கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி. அவர் எழுதிய குறிப்பு இப்படி:

"இந்தப் போஸ்டர் காட்டெருமை பற்றிய விழிப்புணர்வை மக்கள் அனைவரிடமும் ஏற்படுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. பச்சை நிறம் இயற்கையைக் குறிப்பதால் பின்னணிக்குப் பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்புக்கு Baloo Thambi எழுத்துருவைப் பயன்படுத்தினேன், அது நவீனமாகவும் கண்ணைக் கவரும் விதமாகவும் இருக்கிறது. காட்டெருமையை நடுவில் பெரிதாக வைத்ததால் பார்ப்பவரின் கவனம் அதன்மேல் செல்லும். சுற்றிலும் வெற்றிடம் விட்டதால் போஸ்டர் சுத்தமாகத் தெரிகிறது."

மோசமான குறிப்பு என்று சொல்ல முடியாது, பெரும்பாலானவை இப்படித்தான் வரும். இதற்கு என்ன எழுதித் தருவது என்பதுதான் கேள்வி.

முதலில் குறிப்பைத் தொடாதீர்கள்

போஸ்டரை மட்டும் எடுங்கள். ஒட்டப்போகிற அளவிலேயே அச்செடுத்தது இருந்தால் நல்லது, லேப்டாப் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சுவரில் ஒட்டி, நிழற்குடையில் ஒருவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பாரோ அவ்வளவு தூரம், சுமார் மூன்று மீட்டர், தள்ளி நின்று ஐந்தாறு நொடி பாருங்கள். திரும்பிக்கொண்டு, மனதில் நின்றதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். என்ன தெரிந்தது, முதலில் எது, அடுத்து எது, என்ன செய்யச் சொல்கிறது.

குறிப்பை முதலில் படித்துவிட்டால் அது சொல்வதையெல்லாம் கண் போஸ்டரில் தேடிக் கண்டுபிடித்துவிடும், பிறகு எவ்வளவு முயன்றாலும் புதுக் கண்ணோடு பார்க்க முடியாது. அதற்காகத்தான் இந்த வரிசை. நம் எடுத்துக்காட்டில் தாளில் விழுவது அநேகமாக இப்படி இருக்கும்: "காட்டெருமை முகம். அழகான படம். மேலே ஏதோ எழுதியிருக்கிறது." இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் வேண்டும்.

ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது

இப்போது குறிப்பைப் படியுங்கள். முதல் தடவை பேனா இல்லாமல். இரண்டாம் தடவை ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரு சின்ன அடையாளம் போடுங்கள். போஸ்டரில் இருப்பதை அப்படியே திருப்பிச் சொல்கிற வாக்கியம் ஒரு வகை, அது வெறும் வர்ணனை. இன்ன காரணத்துக்காக என்று சொல்கிற வாக்கியம் இன்னொரு வகை. அந்தக் காரணம் சரிதான் என்று எப்படித் தெரியும், எங்கே பார்த்தேன், யாரிடம் காட்டினேன் என்று சொல்கிற வாக்கியம் மூன்றாவது வகை. மேலே இருக்கும் ஐந்து வாக்கியங்களில் மூன்றாவது வகை ஒன்றுகூட இல்லை. முதல் குறிப்பில் இருக்காது, அதற்காகத் திட்ட வேண்டாம்.

சிக்கல் இரண்டாவது வகையில்தான். "ஆல்", "அதனால்", "என்பதால்" என்று வந்துவிட்டாலே காரணம் சொல்லிவிட்டதாக மாணவர் நினைத்துக்கொள்வார், புதிதாகத் திருத்துகிறவரும் ஏமாந்துபோவார். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாணவர் எடுத்த முடிவை எதிர்மாறாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதே தோரணையில் ஒரு காரணம் உடனே எழுத வருகிறதா?

பச்சை இயற்கையைக் குறிக்கிறது, அதனால் பச்சை. சரி, பழுப்பு மண்ணைக் குறிக்கிறது, அதனால் பழுப்பு. சிவப்பு ஆபத்தைக் குறிக்கிறது, அதனால் சிவப்பு. வெள்ளை பனிமூட்டத்தைக் குறிக்கிறது, அதனால் வெள்ளை. எல்லாமே எழுத வருகிறது! எந்த நிறத்தையும் இப்படி நியாயப்படுத்த முடியும் என்றால், இந்த வாக்கியம் பச்சையை நியாயப்படுத்தவில்லை என்று அர்த்தம். வெற்றிடம் விட்டதால் சுத்தமாகத் தெரிகிறது என்பதும் அதே கதைதான், நிரப்பியிருந்தால் "துடிப்பாகத் தெரிகிறது" என்று எழுதியிருப்பார்.

இதற்கு நேர்மாறாக ஒரு வாக்கியம்: "அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் சாலையில் பனிமூட்டமும் மழையும் அதிகம், நிழற்குடைக்குள் பகலிலேயே வெளிச்சம் குறைவு, அதனால் பின்னணிக்கும் எழுத்துக்கும் வெளிச்ச வேறுபாடு அதிகமாக இருக்கும்படி மஞ்சள்மேல் கறுப்பு வைத்தேன்." இதை மாற்றிப் போட முடியாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம், அது ஊருக்கே தெரியும். வெளிர்பச்சைமேல் வெள்ளை வைத்துவிட்டு அதே காரணத்தை எழுதினால் படிக்கிற யாரும் சிரித்துவிடுவார்கள். காரணம் ஒரு இடத்தோடும் ஒரு ஆளோடும் கட்டப்பட்டிருந்தால்தான் இப்படி நிற்கும்.

எல்லாவற்றையும் திருத்தாதீர்கள், இரண்டு மூன்றை எடுங்கள்

ஐந்து வாக்கியத்துக்கும் ஐந்து கருத்து எழுதினால் மாணவர் எளிதானதை மட்டும் சரிசெய்துவிட்டு வருவார். எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் தனித்தாளில் போகட்டும். எதைச் சரிசெய்தால் மற்றவையும் அசைந்து கொடுக்குமோ அதை எடுங்கள். இந்தக் குறிப்பில் நான் எடுப்பது மூன்று.

முதலாவது அந்த "மக்கள் அனைவரிடமும்". ஆள் யார் என்று முடிவு செய்யாதவரை மற்ற எந்த முடிவுக்கும் காரணம் எழுத முடியாது. தோட்டத்து வேலைக்குப் போகிற அம்மாவுக்குக் காட்டெருமையைப் பற்றி இந்தப் போஸ்டர் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. போனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் வெளியூர்க்காரர், கேரளாவிலிருந்தோ கர்நாடகாவிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். இன்னொரு சங்கடம், அவர் காரில் போகிறவர், நிழற்குடையில் உட்காரமாட்டார், டீக்கடையில் வேண்டுமானால் நிற்பார். போஸ்டர் ஒட்டும் இடமே கேள்விக்கு வந்துவிட்டது பாருங்கள். இதற்கு நான் எழுதுவது:

"'அனைவரிடமும்' என்று எழுதியிருக்கிறாய். காட்டெருமைக்குக் கிட்டே போகிற ஆள் யார், அவர் இந்தப் போஸ்டரை எங்கே நின்று பார்ப்பார் என்று இரண்டு வாக்கியத்தில் எழுது. அந்த ஆளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்பதையும் சேர்த்து யோசி. சனிக்கிழமை டீக்கடையில் அரை மணி நேரம் நின்று வண்டிகளின் பதிவெண்ணைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்."

இந்தக் கருத்தின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். மாணவர் எழுதிய சொல் அப்படியே மேற்கோளில் இருக்கிறது, என்ன குறைகிறது என்று இருக்கிறது, போய்ச் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. "இலக்குப் பார்வையாளர் தெளிவாக இல்லை" என்று எழுதியிருந்தால் அதுவும் சரிதான், ஆனால் அவர் அதற்கு "18 முதல் 45 வயது வரை உள்ளவர்கள்" என்று ஒரு பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது எழுத்து. "நவீனமாக, கண்ணைக் கவரும்" என்பது மாற்றிப் போடும் சோதனையில் தோற்கும், ஆனால் அதைச் சொல்லிவிட்டு நின்றால் போதாது, இங்கே அளந்து பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. எழுத்து வசதியாகத் தெரிய, மூன்று மீட்டர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் சுமார் 25 மி.மீ. என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு, தூரம் இரட்டித்தால் உயரமும் இரட்டிக்கும். கைக்கணக்குத்தான், சட்டம் இல்லை, அதைவிடச் சிறிய எழுத்தையும் படிக்க முடியும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. 72 பாயின்ட் என்றால் 25.4 மி.மீ., ஆக 72 வைத்துவிட்டால் முடிந்தது என்று மாணவர்கள் நினைப்பார்கள். அந்த அளவு எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் இடத்தையும் சேர்த்தது, அச்சில் "த" அதைவிட நன்றாகவே சிறியதாக விழும், எவ்வளவு சிறியது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அதனால் பாயின்ட் கணக்கை நம்பாமல், அச்செடுத்த தாளில் ஸ்கேலை வைத்து "த"வை அளக்கச் சொல்லுங்கள்.

தமிழுக்கே உரிய இன்னொன்று இருக்கிறது. தடிமனான எழுத்துருக்களில் சுழிகளின் உள்ளிடம் சுருங்கிவிடும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். "தள்ளி நில்லுங்கள்" என்ற இரண்டே சொல்லில் நான்கு புள்ளி. தூரத்திலிருந்தோ மூட்டத்திலோ அந்தப் புள்ளிகள் கரைந்தால் சொல் தடுமாறும். Baloo Thambi தடியானது, நான்கு புள்ளியும் பிழைக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பிழைத்தால் அதுவே காரணமாகிவிடும். கருத்து:

"'கண்ணைக் கவரும்' என்பதற்குப் பதில், மூன்று மீட்டரில் படிக்க முடிகிறதா என்று சொல். தலைப்பை இதே எழுத்துருவிலும் Noto Sans Tamil-இலும் ஒரே உயரத்தில் அச்செடு. வகுப்பில் இல்லாத மூன்று பேரை மூன்று மீட்டரில் நிறுத்திப் படிக்கச் சொல். எது வேகமாகப் படிக்கப்பட்டது, எங்கே தடுமாறினார்கள் என்று எழுது. முடிவு எதுவானாலும் சரி."

"முடிவு எதுவானாலும் சரி" என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஆசிரியருக்கு இந்த எழுத்துரு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மாணவர் மாற்றிவிட்டுத்தான் வருவார்.

நிறத்தைப் பற்றி இதே கருத்தோடு ஒரு வரி சேர்த்துவிடலாம். இலைப்பச்சைமேல் வெள்ளை பார்க்க நன்றாக இருக்கும், வெளிச்ச வேறுபாடு குறைவு. #4CAF50 போன்ற ஒரு பச்சைமேல் வெள்ளை வைத்தால் விகிதம் ஏறத்தாழ 2.8 வரும், WCAG என்ற இணையத் தரவிதி பெரிய எழுத்துக்கே குறைந்தது 3 கேட்கிறது, சாதாரண எழுத்துக்கு 4.5. அது திரைக்கான விதி, அச்சுக்கு ஒரு தோராயம்தான், மூட்டத்தில் இதுவும் குறையும். எண் வேண்டாம் என்றால் போனில் படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், எழுத்து பின்னணிக்குள் மூழ்குவது அப்படியே தெரிந்துவிடும்.

குறிப்பும் போஸ்டரும் சண்டை போடும் இடம்

மூன்றாவதுதான் முக்கியம், புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதுதான். "காட்டெருமையை நடுவில் பெரிதாக வைத்ததால் பார்ப்பவரின் கவனம் அதன்மேல் செல்லும்." வாக்கியம் உண்மை. கவனம் போகத்தான் செய்யும். ஆனால் போஸ்டர் சொல்ல வந்தது என்ன? தள்ளி நில் என்பது. படம் காட்டுவதோ கண் இமை தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் எடுத்த முகம். நீங்கள் எழுதி வைத்த துண்டுத் தாளை இப்போது எடுங்கள்: "அழகான படம்." பார்க்கிறவருக்கு இப்படி ஒரு படம் எடுக்கலாமே என்றுதான் தோன்றும், எழுத்து ஒன்று சொல்ல படம் வேறொன்றுக்குக் கூப்பிடுகிறது. குறிப்பை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இது தெரியாது, வாக்கியத்தில் தப்பே இல்லையே.

இங்கே ஆசிரியருக்குக் கை துறுதுறுக்கும். "முகத்தை எடுத்துவிட்டு தூரத்தில் ஒரு காட்டெருமையை வை" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் மாணவி அப்படியே செய்வார், அடுத்த குறிப்பில் "தூரத்தைக் காட்டுவதற்காகக் காட்டெருமையைச் சிறிதாக வைத்தேன்" என்று உங்கள் காரணத்தை உங்களுக்கே திருப்பித் தருவார். படிக்க நன்றாக இருக்கும், மதிப்பெண்ணும் விழும், அந்த முடிவை அவர் எடுத்திருக்கமாட்டார். அதனால் முரணை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது:

"கவனம் காட்டெருமைமேல் போகும் என்பது சரி. போன பிறகு பார்க்கிறவருக்கு என்ன செய்யத் தோன்றும்? நான் குறிப்பைப் படிக்கும் முன் ஐந்து நொடி பார்த்து எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதையும் உன் தலைப்பையும் பக்கத்தில் வைத்துப் படி. போஸ்டரை மாற்றுவதா குறிப்பை மாற்றுவதா என்பது உன் முடிவு."

கடைசி வாக்கியம் மரியாதைக்காக எழுதியதில்லை. முகம்தான் வேண்டும் என்று அவர் நின்றால் அதற்கும் வழி இருக்கிறது. கொம்பும் திரண்ட தோளும் பயமுறுத்தும்படி கீழிருந்து எடுத்த வேறொரு முகம், வேறொரு காரணம். அதைக் கேட்கவும் தயாராக இருக்க வேண்டும்.

சரி, மாணவி திரும்ப எப்படி வரலாம் என்று ஒரு மாதிரி:

"இந்தப் போஸ்டர் வார இறுதியில் கோத்தகிரி சாலையில் டீக்கடைகளில் வண்டி நிறுத்தும் வெளியூர்ப் பயணிகளுக்கானது. சனிக்கிழமை ஒரு கடையில் நின்றபோது வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் வெளிமாநிலப் பதிவெண். அதனால் தலைப்பைப் படிக்காமலே செய்தி புரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் முகத்தைப் பெரிதாக வைத்திருந்தேன், பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். இப்போது காட்டெருமை மேல் மூலையிலும் மனித உருவம் கீழ் மூலையிலும் இருக்கின்றன, நடுவில் தாளின் பாதி வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமைதான் விட வேண்டிய தூரம். Baloo Thambi-யில் மூன்று பேரில் இருவர் 'ள்ளி'யில் தடுமாறினார்கள், அதனால் எழுத்துருவை மாற்றினேன்."

முதல் குறிப்பின் கடைசி வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள், வெற்றிடம் விட்டதால் சுத்தமாகத் தெரிகிறது என்பது. அதைப் பற்றி நாம் ஒரு கருத்தும் எழுதவில்லை. படத்தின் முரணைத் தொட்டவுடன் அதற்கு ஒரு வேலை தானாக வந்துவிட்டது, நிரப்பினால் போஸ்டரே செத்துவிடும் என்கிற அளவுக்கு. இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள் என்று சொன்னது இதனால்தான். கைவிட்ட யோசனையும் (முகம்) ஏன் கைவிட்டார் என்பதும் குறிப்பில் ஏறியிருக்கின்றன. முதல் தடவை எழுதும்போது மாணவர்கள் இதை மறைத்துவிடுவார்கள், தோற்றதைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற பயம். குறையாது என்று வகுப்பில் வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

சில சில்லறை விஷயங்கள்

போஸ்டரின் கீழ் வரியில் "இத்தனை மீட்டர் தள்ளி நிற்கவும்" என்று ஏதாவது எண் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று குறிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அருகிலிருக்கும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தூரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் யாராவது அதை நம்பி நிற்பார்.

குறிப்பில் "சாலையில் வண்டியில் போகிறவர்களும் படிக்கலாம்" என்று இருந்தால் ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ. என்பதை நினைவுபடுத்தினால் போதும். ஆறேழு மீட்டர் தூரத்துக்கு மேலே சொன்ன கணக்கில் 50 மி.மீ.க்கு மேல் உயரம் வேண்டும், "நில்லுங்கள்" ஒரு வரியில் அடங்காது.

மாணவர் போஸ்டரை முடித்த பிறகு இரவோடு இரவாகக் காரணம் ஜோடித்து எழுதியிருப்பதும் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: எல்லா முடிவும் சரியாக இருக்கும், எங்கேயும் தயக்கம் இருக்காது, கைவிட்டது ஒன்றுகூட இருக்காது. குற்றம் சாட்ட வேண்டாம். ஸ்கெட்ச் புத்தகத்தைக் கேளுங்கள், அதில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய லேஅவுட்டைக் காட்டி "இது ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தாய்?" என்று கேட்டால் வாய் திறந்து சொல்வார். பல பேருக்குச் சொல்ல வரும், எழுதத்தான் வராது. சொன்னதையே அப்படியே எழுதிக் கொடு என்று சொல்லிவிடலாம்.

மதிப்பெண் போடும்போது போஸ்டருக்கும் குறிப்புக்கும் தனித்தனியாகப் போடுங்கள். சுமாரான போஸ்டருக்கு நேர்மையான குறிப்பு எழுதுகிற மாணவர் இருக்கிறார், நல்ல போஸ்டருக்கு வெறும் வர்ணனை எழுதுகிறவரும் இருக்கிறார், இரண்டையும் சேர்த்து ஒரு எண் போட்டால் இருவருக்குமே எதைச் சரிசெய்வதென்று தெரியாமல் போகும். இரண்டாவது குறிப்பு வாங்கும்போது முதல் குறிப்பையும் உங்கள் கருத்துத் தாளையும் அதோடு பின் அடித்து வாங்குங்கள்.